எண்ணெயில் முகம் கழுவுவதா, ஜெல்லா? கிணற்றுத் தண்ணீரில் படலம் போகுதில்லை

கல்லடிக்காரி

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வெளிக்கள வேலை. ஸ்கூட்டியில் களுவாஞ்சிக்குடி, பெரியகல்லாறு என்று பகல் முழுக்க வெயிலில் அலைச்சல். வியர்வைக்குக் கரையாத வகை சன்ஸ்கிரீன் பூசுவேன், மேலே கொஞ்சம் பவுடர், கண்ணுக்கு மை. முந்தி இரவில் ஜெல் பேஸ்வோஷ் மட்டும்தான். முகம் இறுகும், ஆனாலும் துவாயில் துடைத்தால் மூக்கோரத்து சன்ஸ்கிரீன் வெள்ளையாக ஒட்டி வரும்.

பிறகு ஒரு வீடியோ பார்த்து எண்ணெய்க்கு மாறினேன். தேங்காயெண்ணெய் மூன்று பங்கு, ஆமணக்கெண்ணெய் ஒரு பங்கு. தேய்த்து, சுடுதண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, கடைசியில் சந்தன சோப் போட்டுக் கழுவுகிறேன். சன்ஸ்கிரீன் சுத்தமாகப் போகிறது. ஆனால் முகத்தில் ஏதோ ஒரு படலம் நிற்கிறது, விரல் வைத்தால் இழுபடுகிறது. கழுவக் கழுவப் போகுதில்லை. போதாததற்கு நெற்றியில் முடியோரமாகச் சின்னச் சின்னக் குருக்கள். வீடியோவில் "உள்ளே இருக்கும் அழுக்கு வெளியே வருகிறது, பொறுங்கள்" என்கிறார்கள்.

எண்ணெய் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா, நான் கழுவுகிற முறை பிழையா, பேசாமல் ஜெல்லுக்கே திரும்பவா?

வாவிக்கரை ஐயா

பிள்ளை, எண்ணெய் வைத்தால் படலம் இருக்கத்தான் செய்யும். நாங்கள் சனிக்கிழமையில் நல்லெண்ணெய் வைத்து அரை மணித்தியாலம் ஊறி, சீயாக்காயும் பயற்றம் மாவும் போட்டு முழுகுவோம். ஒரு பிசுக்கும் நிற்காது. கடைசி வாளித் தண்ணீரில் தேசிக்காய் பிழிந்து ஊற்றினால் தலைமயிர் பளபளக்கும். நீங்கள் எத்தனை நாளைக்கு ஒருக்கால் முழுகுகிறீர்கள்?

கல்லடிக்காரி

ஐயா, இது தலை முழுக்கு இல்லை. முகத்தில் பூசியதைக் கழற்றத்தான் எண்ணெய், அதுவும் ஒவ்வொரு இரவும்.

ஒப்பனை அக்கா

ஆரையம்பதிப் பக்கம் மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். விடிய நாலு மணிக்குப் போட்ட மேக்கப், முகூர்த்தம், படப்பிடிப்பு, வரவேற்பு எல்லாம் முடிந்து இரவு பத்து மணிக்குக் கழற்ற வருவார்கள். தேங்காயெண்ணெயை விட அதைச் சுலபமாகக் கழற்றுவது ஒன்றும் இல்லை. எண்ணெயை எண்ணெய்தான் கரைக்கும் தங்கச்சி. ஜெல்லால் தேய்த்தால் கண்ணைச் சுற்றிச் சிவப்பதுதான் மிச்சம்.

உங்களுக்குப் படலம் நிற்பது ஆவி பிடிக்காததால். முதலில் ஆவி பிடித்தால் துவாரம் திறக்கும், பிறகு எண்ணெய், கடைசியில் ஐஸ் தண்ணீர் அடித்தால் துவாரம் மூடும். செய்து பாருங்கள்.

கல்முனை லேப்

நான் முந்திக் கொழும்பில் அழகுசாதனம் செய்கிற இடத்தில் ஆய்வுகூடத்தில் இருந்தவன். பதில் சொல்ல முதல் சில விஷயம் தெரிய வேண்டும் தங்கச்சி. கழுவுவது கிணற்றுத் தண்ணீரிலா, பைப் தண்ணீரிலா? வாளியில் இருந்து அள்ளியா, பேசினில் கையை முக்கியா? அந்தச் சந்தன சோப் கட்டியா, திரவமா? குருக்கள் சொறிகிறதா, நோகிறதா?

கல்லடிக்காரி

குளியலறை கிணற்றுத் தொட்டியோடு இணைத்தது. குசினிக்கு மட்டும் பைப்பில் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வருகிறது. கிணறு கொஞ்சம் உவர், கடல் கிட்ட என்பதால் இந்தப் பக்கம் அப்படித்தான். வாளியில் இரண்டு கையையும் விட்டு அள்ளி அடிப்பேன். சோப் கட்டி. குருக்கள் நோகுதில்லை, வியர்த்தால் சொறிகிறது. எல்லாம் ஒரே அளவு.

கல்முனை லேப்

நன்றி. இனி நீட்டிச் சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

ஒப்பனை அக்கா சொன்னதில் முதல் பாதி சரி. கரையாத சன்ஸ்கிரீனிலும் மேக்கப்பிலும் மெழுகு, சிலிக்கோன், எண்ணெய்தான் இருக்கின்றன. அவற்றை இளக்க எண்ணெய் நல்லது. இரண்டாவது பாதி பிழை. தோல் துவாரத்துக்குக் கதவு கிடையாது, சூட்டில் திறந்து குளிரில் மூடுவதற்கு. ஆவி செய்வது எண்ணெய்ப் பசையைக் கொஞ்சம் இளக்குவது மட்டும்தான். ஏற்கனவே வெயிலில் சிவந்த முகத்துக்கு அது கூடுதல் சூடு.

எண்ணெயில் இரண்டு ஜாதி உண்டு. தேங்காய், நல்லெண்ணெய், ஒலிவ், ஆமணக்கு போன்ற வெறும் எண்ணெய் ஒன்று. கிளென்சிங் ஒயில் என்று விற்பது மற்றது. அதில் எமல்சிஃபையர் கலந்திருக்கும். அந்தப் பொருளின் ஒரு பக்கம் எண்ணெயைப் பிடிக்கும், மறுபக்கம் தண்ணீரைப் பிடிக்கும். அதனால்தான் தண்ணீர் பட்டதும் எண்ணெய் பாலாக மாறிக் கழுவுப்பட்டுப் போகிறது. வெறும் எண்ணெய்க்கு அந்தச் சக்தி இல்லை. துணி பெரும்பகுதியை எடுக்கும், முழுவதையும் எடுக்காது. மிச்சத்தைச் சோப்போ ஜெல்லோ எடுத்தாக வேண்டும்.

இங்கேதான் உங்கள் கிணறு வருகிறது. பள்ளியில் வன்னீர் என்று படித்தோமே, கல்சியமும் மக்னீசியமும் கூடிய தண்ணீர். சோப் கட்டி அந்தத் தண்ணீரைச் சந்தித்தால் நுரை வர முதலே கல்சியத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைக் கசடாகிவிடும். வாளி விளிம்பில் சாம்பல் வளையம் கட்டுமே, அதுதான். உவர் சேர்ந்தால் நுரை இன்னும் குறையும். ஆகவே உங்கள் சோப்பில் பாதி கிணற்றோடு சண்டை பிடித்தே செலவாகிறது, மிச்சம் எண்ணெயை எடுக்கக் காணாது. அந்தக் கசடு வாளியில் ஒட்டுகிறது என்றால் முகத்திலும் ஒட்டும். உங்கள் முகத்தில் நிற்பது எண்ணெய் மட்டும் இல்லை, சோப்பும்தான் என்பது என் சந்தேகம்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கழுவித் துவாயால் ஒற்றி, பத்து நிமிடம் விட்டு, மெல்லிய டிஷ்யூவை நெற்றியிலும் கன்னத்திலும் அழுத்திப் பாருங்கள். டிஷ்யூ கண்ணாடித்தாள்போல் ஊடு தெரிந்தால் எண்ணெய் நிற்கிறது. டிஷ்யூ காய்ந்தே இருக்க, தோலில் விரல் மட்டும் இழுபட்டால் அது சோப்புக் கசடு.

இன்னொன்று. இரண்டு சின்னப் போத்தலில் பாதி பாதி தண்ணீர் எடுங்கள், ஒன்றில் கிணறு, ஒன்றில் உன்னிச்சை. சோப்பைச் சுரண்டி ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்குங்கள். பிறகு அதே போல் பழைய ஜெல்லில் சில துளி விட்டுக் குலுக்குங்கள். பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

நிந்தவூர் ஹனா

கல்முனை லேப் நானா, நடுவில் என் கேள்வியும் ஒன்று. நான் ஐந்து நேரமும் ஒளு எடுக்கிறவ. ஒவ்வொரு முறையும் முகம் நனையும். முகம் எண்ணெய் வடிகிற மாதிரி இருக்கென்று ஒவ்வொரு ஒளுவுக்கு முதலும் ஜெல் போட்டுக் கழுவுவேன். இப்போது கன்னம் செதில் கழன்று, பொருமி, மொயிஸ்சரைசர் போட்டாலும் எரிகிறது. எண்ணெய்க்கு மாறினால் சரிவருமா? மேக்கப் போடுவதில்லை, சாதாரண சன்ஸ்கிரீன் மட்டும்.

கல்முனை லேப்

தங்கச்சி, உங்களுக்கு எண்ணெய் தேவை இல்லை, ஜெல்லைக் குறைப்பதுதான் தேவை. ஒளுவுக்கு வெறும் தண்ணீரே போதும், அதில் வியர்வையும் தூசியும் போய்விடும். ஜெல் இரவில் ஒருமுறை மட்டும் போடுங்கள். ஒரு பயற்றங்கொட்டை அளவை உள்ளங்கையில் நுரைத்து, முகத்தில் அரை நிமிடத்துக்கு மேல் வைக்காமல் கழுவுங்கள். சாதாரண சன்ஸ்கிரீன் அதிலேயே போகும்.

எரிகிற கன்னத்தில் எண்ணெய் தேய்ப்பதும் தேய்ப்பதுதானே. முதலில் தோல் ஆறட்டும். அளவு குறைந்த பிறகும் ஜெல் எரித்தால், நுரை குறைந்த, மணம் இல்லாத வகைக்கு மாறுங்கள்.

நிந்தவூர் ஹனா

ஐந்து முறைக்குப் பதில் ஒரு முறையா. மத்தியானம் முகம் மினுங்குமே நானா?

ஒப்பனை அக்கா

மினுங்கினால் டிஷ்யூவால் ஒற்றிவிடு மகள். செதில் கழன்ற முகத்தில் பவுண்டேஷன் போட நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

வடமோடிக்காரன்

நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம். கூத்து ஆடுகிறவன், வருடத்தில் சில இரவுதான். விடிய விடிய ஆடி முடிய முகத்தில் வெள்ளை, சிவப்பு, மை எல்லாம் வியர்வையோடு காய்ந்து கிடக்கும். எங்கள் அண்ணாவியார் காலத்திலிருந்தே தேங்காயெண்ணெய்தான். கழுத்து வரை அப்பி, பழைய சாரத் துணியால் வழித்து, கிணற்றடியில் சோப் போடுவோம். எனக்கு ஒரு குருவும் வந்ததில்லை. இந்தத் தங்கச்சிக்கு ஏன் வருகிறது?

அதோடு தாடி ஒட்டுகிற பசையைக் கழற்றும்போது தோலும் சேர்ந்து வருகிறது, அதற்கும் வழி சொன்னால் புண்ணியம்.

கல்முனை லேப்

அண்ணை, நீங்கள் வருடத்தில் சில இரவு, தங்கச்சி ஒவ்வொரு இரவும். மணப்பெண்ணுக்கும் அதே கணக்குத்தான், ஒரு நாள் அலங்காரம். எப்போதாவது தேங்காயெண்ணெய் வைத்து வழித்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் துவாரத்தில் தங்குவது வேறு கதை. கரும்புள்ளியும் வெண்புள்ளியும் உருவாக வாரக்கணக்கு ஆகும். ஆகவே ஒரு இரவின் அனுபவத்தை வைத்துத் தினசரிப் பழக்கத்தை எடைபோட முடியாது.

தாடிப் பசையை உரிக்க வேண்டாம். எண்ணெயைத் தாடி விளிம்பில் விட்டுச் சில நிமிடம் ஊறவிடுங்கள், பசை இளகி விளிம்பு தானாகக் கழலும். அதன் அடியில் இன்னும் எண்ணெய் விட்டு மெதுவாகத் தூக்குங்கள். ஸ்பிரிட் இன்னும் வேகமாகக் கழற்றும், ஆனால் தோலைக் காயப்போடும்.

ஒப்பனை அக்கா

தேங்காயெண்ணெய் துவாரத்தை அடைக்கும் என்று எங்கே பார்த்தாலும் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் அம்மா எழுபது வயதிலும் தேங்காயெண்ணெய்தான் பூசுகிறார், கன்னம் கண்ணாடி.

கல்முனை லேப்

அக்கா, அந்தப் பட்டியல்களை நானும் முழுதாக நம்புவதில்லை. அதில் பல எண் முயல் காதில் பூசிப் பார்த்த பழைய சோதனைகளில் இருந்து வந்தவை, மனித முகத்துக்கு அப்படியே பொருந்தாது. அம்மாவுக்குத் தோல் வறண்ட வகையாக இருக்கும், வயதோடு எண்ணெய்ச் சுரப்பும் குறையும், அவருக்கு அது நல்லதே. இருபத்தைந்து வயதில் ஹெல்மெட்டுக்குள் வியர்க்கிற நெற்றிக்கும் அதே பதில் சொல்ல மாட்டேன்.

வார்ட் தங்கச்சி

நான் தாதி, அம்பாறை மாவட்டம். அந்த நெற்றிக் குரு பற்றிச் சொல்ல வந்தேன்.

ஒரே அளவு, சொறி, முடியோரம், வியர்த்தால் கூடுகிறது. இதைக் கேட்டதும் எனக்கு வழமையான பருவை விட, மயிர்க்காலில் ஈஸ்ட் பெருகி வருகிற வகைதான் ஞாபகம் வந்தது. மலசீசியா என்று தோல் டொக்டர்மார் சொல்வார்கள். அது எல்லார் தோலிலும் இருக்கிறதுதான், சூடும் வியர்வையும் எண்ணெயும் கிடைத்தால் பெருகும். அதற்குத் தீனி கொழுப்பமிலங்கள். தேங்காயெண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி லோரிக் அமிலம், ஆமணக்கிலும் ஒலிவிலும் வேறு கொழுப்பமிலங்கள், அதனால் எந்தத் தாவர எண்ணெய்க்கு மாறினாலும் அதற்கு விருந்துதான். கனிம எண்ணெய், அதுதான் பேபி ஒயிலில் இருப்பது, அதற்குத் தீனியாகாது.

ஆனால் இதைப் படத்தை வைத்தோ எழுத்தை வைத்தோ தீர்மானிக்க முடியாது. வழமையான பருவோடு சேர்ந்தும் வரும். பருவுக்கென்று கொடுக்கும் அன்டிபயோட்டிக் குடித்தும் குறையாமல் கூடினால் சந்தேகம் வலுக்கும். மருந்து இருக்கிறது, ஆனால் கிளினிக்கில் காட்டி எடுங்கள், பாமசியில் ஸ்டீரொய்ட் கிரீம் மட்டும் கேட்டு வாங்கிப் பூசாதீர்கள். அது முதல் வாரம் அடக்கி, பிறகு பெருக்கிவிடும்.

இன்னொன்று, "அழுக்கு வெளியே வருகிறது, பொறுங்கள்" என்பதை மறந்துவிடுங்கள். அந்த ஆரம்பகாலப் பரு ரெட்டினொயிட் மாதிரியான, தோல் புதுப்பிப்பை வேகமாக்கும் மருந்துகளுக்குச் சொல்வது. எண்ணெய் அப்படி ஒன்றும் செய்யாது. எண்ணெயில் வந்த குரு எண்ணெயை நிறுத்தச் சொல்கிற குரு.

கல்லடிக்காரி

கேட்டதெல்லாம் செய்து பார்த்தேன்.

போத்தல் சோதனையில் உன்னிச்சைத் தண்ணீரில் சோப் நன்றாக நுரைத்தது. கிணற்றுத் தண்ணீரில் நுரையே இல்லை, தயிர் திரிந்த மாதிரி வெள்ளைத் துகள் மிதக்கிறது. ஜெல் இரண்டிலும் நுரைத்தது, கிணற்றில் கொஞ்சம் குறைவு, ஆனால் துகள் இல்லை.

டிஷ்யூவில் கன்னம் காய்ந்தே இருந்தது, ஆனால் விரல் இழுபட்டது. முடியோரமும் காதடியும் டிஷ்யூ ஊடு தெரிந்தது. ஆகவே இரண்டுமா?

அதோடு கடையில் கிளென்சிங் ஒயில் என்று விலை கொடுத்து ஒரு போத்தலும் வாங்கினேன். முகத்தில் தேய்த்துத் தண்ணீர் தொட்டால் பால் மாதிரி வரவே இல்லை, உருண்டு உருண்டு ஓடுகிறது.

கல்முனை லேப்

இரண்டும்தான். கன்னத்தில் சோப்புக் கசடு, முடியோரத்தில் எண்ணெய். ஜெல்லில் துகள் வராததைக் கவனித்தீர்களா? பெரும்பாலான ஜெல் சோப்பால் செய்யப்படுவதில்லை, வேறு வகை நுரைப்பான்கள், அவை கல்சியத்தோடு அவ்வளவு இலகுவாகத் திரிவதில்லை. ஜெல் என்று எழுதியும் உள்ளே சோப்பே இருக்கிற சிலதும் உண்டு. பட்டியலில் சோடியம் பாமேட், பொட்டாசியம் மிரிஸ்டேட், ஸ்டியரேட் என்று முன்னுக்கு வந்தால் அது சோப்தான், உங்கள் கிணற்றில் அதே கதை.

கடைப் போத்தலின் பின்பக்கத்தைப் பாருங்கள். பொலிசோர்பேட், பொலிகிளிசரில், பீஈஜி, சோர்பெத் என்று தொடங்கும் பெயர் ஒன்றாவது இருக்க வேண்டும். எல்லாமே எண்ணெய்ப் பெயராக இருந்தால், பெயர் என்னவானாலும் அது வெறும் எண்ணெய். அடுத்த முறை வாங்கினதும் ஒரு கிளாஸ் தண்ணீரில் நாலு துளி விட்டுக் கலக்குங்கள். பால் நிறமாகிக் கலந்து நின்றால் எமல்சிஃபையர் இருக்கிறது. மேலே வட்டமாக மிதந்தால் இல்லை. இந்த வகை எமல்சிஃபையர்களுக்கு மின்னேற்றம் இல்லாததால் கல்சியமும் உப்பும் அவற்றை அவ்வளவாகக் குழப்பாது. உவர்க் கிணற்றுக்காரருக்கு அதுதான் பெரிய நன்மை.

கல்லடிக்காரி

எல்லாமே எண்ணெய்ப் பெயர்தான் அண்ணா. ஏழு எண்ணெய். வீட்டில் கலந்து செய்ய முடியாதா?

கல்முனை லேப்

முடியும். பொலிசோர்பேட் 80 என்று அழகுசாதன மூலப்பொருள் விற்கிறவர்களிடம் கிடைக்கும். எண்ணெய் 85 மில்லிக்கு அது 15 மில்லி. நெற்றிக் குரு தெளியும் வரை தாவர எண்ணெயை விட்டு, மணம் இல்லாத பேபி ஒயில் வைத்துச் செய்யுங்கள். வைத்தால் பிரியும், ஒவ்வொரு முறையும் குலுக்குங்கள். கெடாமல் காக்கும் பொருள் எதுவும் சேர்க்காததால் போத்தலுக்குள் ஒரு துளி தண்ணீரும் போகக்கூடாது. பம்ப் மூடி போட்டால் நல்லது. கலந்ததும் முதலில் முழங்கையின் உள்பக்கத்தில் சில நாள் பூசிப் பாருங்கள், பிறகு முகத்துக்கு.

இனிக் கழுவும் முறை. பலர் பிழைவிடுவது தேய்ப்பதில் இல்லை, தண்ணீர் சேர்ப்பதில்.

கையும் முகமும் உலர்ந்திருக்க வேண்டும். தண்ணீர் இருந்தால் எண்ணெய் உங்கள் மேக்கப்பைப் பிடிக்க முதலே பாலாகிவிடும். இரண்டு பம்ப், ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி, முகம் முழுக்கப் பரப்பி ஒரு நிமிடம் விரல் நுனியால் தேயுங்கள். ஒரு நிமிடம் போதும். சிலர் பத்து நிமிடம் தேய்த்து, விரலில் மணல் மாதிரித் திரள்வதைக் காட்டி அழுக்கு வந்தது என்பார்கள். அது பெரும்பாலும் செத்த தோலும் எண்ணெயும் திரண்டது. அதைத் தேடித் தேய்த்தால் தோல் சிவக்கும்.

பிறகு விரல் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு, முகத்தில் வையுங்கள். சில துளிதான். தேய்க்கத் தேய்க்க வெள்ளையாக மாறும். மாறாத இடத்துக்கு இன்னும் சில துளி. முழு முகமும் வெள்ளையாகி, விரலில் எண்ணெய் வழுக்கல் போய்த் தண்ணீர் வழுக்கல் வந்த பிறகுதான் கழுவ வேண்டும். இதற்கு அரை நிமிடம் போகும். எடுத்தவுடன் ஒரு கோப்பைத் தண்ணீரை அடித்தால் எண்ணெய் பாலாக முதலே திட்டுத் திட்டாக முடியோரத்துக்கு ஒதுங்கிவிடும். உங்கள் டிஷ்யூ ஊடு தெரிந்த இடமும் அதுதான்.

வாளிக்குள் இரண்டு கையையும் விட்டு அள்ளுவதை நிறுத்துங்கள். முதல் அள்ளலிலேயே கையில் இருந்த எண்ணெய் வாளியின் மேற்பரப்பில் படர்ந்துவிடும், அடுத்தடுத்த அள்ளலில் அதையே திருப்பி முகத்தில் பூசுகிறீர்கள். ஒரு கையால் கோப்பையில் மொண்டு, மறு உள்ளங்கையில் ஊற்றிக் கழுவுங்கள், அல்லது ஓடுகிற குழாயில். நம் ஊரில் சுடுதண்ணீர் தேவை இல்லை, தொட்டித் தண்ணீரின் சூடே காணும். பகல் வெயிலில் தகரத்துக்குக் கிட்ட இருக்கும் தொட்டியில் தண்ணீர் கொதிக்கும், அந்த நேரம் கொஞ்சம் ஓடவிட்டுக் கழுவுங்கள். முடியோரம், காதடி, தாடைக்குக் கீழ், மூக்கு மடிப்பு இவ்வளவுக்கும் தனியாக விரல் போக வேண்டும். கடைசி ஒரு கோப்பைக்குக் குசினியில் இருந்து உன்னிச்சைத் தண்ணீர் கொண்டு வந்தால் இன்னும் நல்லது.

கண்மைக்கு, எண்ணெயில் நனைத்த பஞ்சை மூடின இமையில் இருபது எண்ணும் வரை வைத்து ஒற்றுங்கள். இந்த எண்ணெய் கண்ணுக்குள் போனால் கொஞ்ச நேரம் புகை மூட்டமாகத் தெரியும், பயப்படாமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கொன்டக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் முதலில் அதைக் கழற்ற வேண்டும்.

வாவிக்கரை ஐயா

இவ்வளவு பாடு எதற்குத் தம்பி? பயற்றம் மா ஒரு பிடி எடுத்துக் குழைத்துப் பூசினால் எண்ணெய் பறந்துவிடும். படலம் என்றால் தேசிக்காய்.

கல்முனை லேப்

ஐயா, பயற்றம் மாவை நான் மறுக்க மாட்டேன். மா எண்ணெயை உறிஞ்சி எடுப்பதால் தண்ணீர் உவரா நல்லதா என்பது அதற்குக் கவலையே இல்லை. எங்கள் ஆட்கள் கிணற்றடியில் அதை வைத்திருந்தது காரணத்தோடுதான். ஆனால் மில்லில் அரைத்தது சொரசொரப்பாக இருந்தால் முகத்தைக் கீறும், பட்டுத் துணியில் சலித்து எடுக்க வேண்டும், தேய்க்காமல் ஒற்ற வேண்டும். தினமும் என்றால் எனக்குச் சம்மதம் இல்லை.

தேசிக்காய் தலைக்குச் சரி, முகத்துக்கு வேண்டவே வேண்டாம். புளிப்பு சோப்புக் கசடைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் பொக்களித்துக் கறுக்கும், கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். இந்தப் பிள்ளை முழுநாளும் வெயிலில்.

வார்ட் தங்கச்சி

லேப் அண்ணாவோடு ஒரு இடத்தில் எனக்கு ஒத்துவராது. நீங்கள் சொன்ன கழுவும் முறையில் எண்ணெய்க்குப் பிறகு ஜெல்லே வரவில்லை, வேண்டாமா? அவ எண்ணெய் வடிகிற, குரு வருகிற தோல். பாலாக்கிக் கழுவினாலும் கொஞ்சம் தங்கும். பிறகு ஒரு மெல்லிய ஜெல் போடத்தான் வேண்டும்.

கல்முனை லேப்

வறண்ட தோலுக்கு வேண்டாம் என்பேன். இவவுக்கு நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை, டிஷ்யூ காய்ந்து வந்தால் எதற்கு இரண்டாம் முறை என்றுதான் கேட்கிறேன். கூடுதல் கழுவலால் தோல் இறுகி, பிறகு மொயிஸ்சரைசர் கூடி, அதுவும் குருவாகிறதைக் கண்டிருக்கிறேன்.

வார்ட் தங்கச்சி

டிஷ்யூவுக்கு எமல்சிஃபையர் மிச்சம் தெரியுமா?

கல்முனை லேப்

தெரியாது. அது நியாயமான கேள்வி. சிலருக்கு அந்த மிச்சமே கன்னத்தில் அரிக்கும்.

கல்லடிக்காரி

கடைசி நிலவரம். பொலிசோர்பேட் வந்து சேர முதலே சோப்பை நிறுத்தி, வீட்டு எண்ணெயையும் நிறுத்தி, பழைய ஜெல்லை மட்டும் போட்டேன். இழுபடுகிற படலம் உடனேயே போனது, சன்ஸ்கிரீன் மட்டும் மூக்கோரம் மிஞ்சியது. இப்போது பேபி ஒயில் கலவை. ஒரு கன்னத்துக்கு அதற்குப் பிறகு ஜெல், மறு கன்னத்துக்கு இல்லை, கிணற்றுத் தண்ணீர்தான், கோப்பையில். இரண்டு பக்கமும் டிஷ்யூ காய்ந்தது. ஜெல் போட்ட பக்கம் கொஞ்சம் இறுக்கம், போடாத பக்கம் காதடியில் இன்னும் வழுக்கல் மாதிரி ஒன்று. ஆகவே நீங்கள் இரண்டு பேரும் தொடர்ந்து சண்டை பிடிக்கலாம்.

நெற்றிக்குத் தோல் கிளினிக்கில் காட்டினேன். ஈஸ்ட்டாக இருக்கலாம் என்று கழுவும் மருந்து தந்திருக்கிறார், திரும்பக் காட்டச் சொன்னார். சொறி குறைந்திருக்கிறது, குரு முழுக்கப் போகவில்லை. அது மருந்தாலா, தேங்காயெண்ணெயை நிறுத்தியதாலா என்று கேட்டேன், இரண்டையும் ஒரே நேரம் செய்தால் எப்படித் தெரியும் என்று சிரித்தார்.

வார்ட் தங்கச்சி

ஹெல்மெட்டின் உள்துணியையும் கழுவுங்கள் அக்கா. அதில் இவ்வளவு நாள் தேங்காயெண்ணெயும் வியர்வையும் ஊறியிருக்கும்.

நிந்தவூர் ஹனா

நானா, ஜெல்லை இரவுக்கு மட்டும் வைத்தேன், எரிவு நின்றுவிட்டது. மத்தியானம் மினுங்குவது அப்படியேதான். ஒளு எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையும்.

வடமோடிக்காரன்

தாடிக்கு எண்ணெய் ஊறவிட்டுப் பார்த்தேன் தம்பி, தோல் பிழைத்தது. ஆனால் தாடி மயிரில் எண்ணெய் ஏறி அடுத்த ஆட்டத்துக்கு ஒட்டுதில்லை. தாடியைக் கழுவ எதைப் போடுவது?

கல்முனை லேப்

பாத்திரம் கழுவும் திரவம், உன்னிச்சைத் தண்ணீர். நிழலில் முழுக்கக் காயவிட்டு ஒட்டுங்கள். முகத்துக்கு அந்தத் திரவத்தைப் போட்டுவிடாதீர்கள் அண்ணை.